மே மாதத்தில் ஏது மாணவர்?

அக்கா, பாளையங்கோட்டையில் மெஸ் நடத்துகிறேன். சாப்பாடு 100 ரூபாய். மாணவர்களுக்கு 70, அறுபது தாண்டியவர்களுக்கு 80. ஒரு இலைக்குச் சரக்கும் கேஸும் சேர்த்து 55 ஆகிறது. கல்லாவில் மச்சினன் இருக்கிறான். மே மாதத்தில்கூட மாணவர் சாப்பாடு தினமும் 40-க்குக் குறையவில்லை. ஆனாலும் காசு நிற்கவில்லை. சலுகையை எடுத்துவிடலாமா?

தம்பி, கூட்டம் குறையவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்தில் காலேஜ் ஏது? நீட் கோச்சிங்குக்காகத் தங்கிய பிள்ளைகள் பத்துப் பேர் என்றே வையுங்கள். மீதி முப்பது இலையில் உட்கார்ந்தது யார்?

நீங்கள் கொடுப்பது தர்மம் இல்லை, வியாபாரம். 100 கொடுக்க முடியாத பையன் உங்கள் வாசல் பக்கமே வரமாட்டான். அவன் 70 கொடுத்துச் சாப்பிட்டால் உங்களுக்குப் புதிதாக 15 ரூபாய். எப்படியும் 100 கொடுத்துச் சாப்பிட்டிருக்கும் ஆபீஸ்காரர் 70 கொடுத்தால் 30 போச்சு. அதாவது, இரண்டு நிஜ மாணவர் கொண்டுவந்ததை ஒரு பொய் மாணவர் தின்றுவிட்டுப் போகிறார். நாற்பதில் பதினான்கு பேர் அப்படி என்றாலே சலுகையால் நஷ்டம்தான். உங்கள் கடையில் முப்பது பேர். 900 போய் 150 வருகிறது.

அதனால் சலுகையை எடுக்காதீர்கள், எடுத்தால் அந்த 150-ம் போகும். காலேஜ் திறந்ததும் அடையாள அட்டையை ஒரே ஒரு முறை வாங்கிப் பாருங்கள். எந்த வருஷம் வரை என்று அதில் அச்சடித்திருக்கும். படிப்பு முடிந்து போனவனும் பழைய அட்டையோடுதான் வருவான். சரியாக இருந்தால் போட்டோ ஒட்டி, அந்தப் பருவம் முடியும் தேதி போட்டு உங்கள் மெஸ் கார்டைக் கொடுங்கள். கார்டுக்கு ஒரு இலை. பார்சல் யாருக்கும் 100 தான். இல்லாவிட்டால் ஒரு பையன் கார்டை நீட்டி ஆபீஸ் முழுக்கச் சோறு வாங்கிப் போவான்.

பெரியவர்களிடம் அட்டை கேட்டு மனசை நோகடிக்க வேண்டாம். கிழவன் என்று பொய் சொல்ல யாருக்கும் ஆசை இல்லை. தாத்தா பில் கொடுக்கிறார் என்று மகன், மருமகள், பேரன் இலைக்கெல்லாம் 80 போடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

அப்புறம் மச்சினன். கடிதத்தில் ஒரே வரியில் அவனைக் கடந்துவிட்டீர்கள். அந்த முப்பது பேரின் முகமும் அவனுக்குத் தெரியும், கேட்கக் கூச்சம். உங்களுக்கு அவனைக் கேட்கக் கூச்சம். மனைவியின் தம்பிக்கு வேலை கொடுத்தது உங்கள் கடமை, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் கல்லாவில் இருப்பது உங்கள் பிள்ளைகளின் பீஸ். சிநேகிதர்களுக்குச் சோறு போட ஆசையென்றால் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போடட்டும். நாளை முதல் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கல்லாவில் நீங்கள் உட்காருங்கள், அவன் பரிமாறட்டும். அவன் உட்காரும் நாளில் கார்டு இல்லாமல் 70 போட்ட இலை ஒவ்வொன்றுக்கும் 30 ரூபாயை அவன் பேரில் நோட்டில் எழுதுங்கள். நோட்டு கல்லா மேலேயே இருக்கட்டும்.