ஆபீஸ் வேலைக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தேவையா?

"கேம் விளையாடும் பழக்கம் இல்லை. எக்ஸெல், மெயில், பிரௌசிங் மட்டும்தான். 27 இன்ச் 1080p மானிட்டரில் 60 ஹெர்ட்ஸை விட 144 ஹெர்ட்ஸ் நாலாயிரம் ரூபாய் அதிகம். கொடுக்கலாமா?"

நானாக இருந்தால் அந்த நாலாயிரத்தை ரெசல்யூஷனில், அதாவது 1080p-க்குப் பதில் கூடுதல் பிக்சல் உள்ள 1440p-யில் போடுவேன். இதை நீங்கள் சொன்ன அதே மாதிரி மானிட்டரை வாங்கி இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவனாகச் சொல்கிறேன்.

வித்தியாசமே தெரியாது என்றால் பொய். மவுஸை அசைத்ததுமே தெரியும், நீளமான பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது இன்னும் நன்றாகத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் என்றால் திரை செகண்டுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வொரு காட்சியும் 16.7 மில்லிசெகண்ட் அப்படியே நிற்கிறது, கண்ணோ எழுத்தைத் துரத்திக்கொண்டு நகர்ந்தபடியே இருக்கிறது, அதனால்தான் எழுத்து இழுபட்டு மங்கலாகிறது. செகண்டுக்கு 1200 பிக்சல் வேகத்தில் ஸ்க்ரோல் செய்தால் 60-ல் 20 பிக்சல் இழுபடும், 100-ல் 12, 144-ல் எட்டு சொச்சம். அதாவது பாதிக்கு மேல் லாபம் 100 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடுகிறது. இப்போது சாதாரண ஆபீஸ் மானிட்டர்களே 100 ஹெர்ட்ஸில் வருகின்றன, அது போதும்.

ஆனால் ஸ்க்ரோலை நிறுத்திப் படிக்க ஆரம்பித்ததும் 60-ம் 144-ம் ஒன்றுதான். கண் வலி போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஹெர்ட்ஸ் குறைந்தால் திரை மினுமினுப்பது பழைய டப்பா மானிட்டர் கதை. எல்சிடியில் மினுமினுப்பு இருந்தால் அது பெரும்பாலும் பேக்லைட்டால் வருவது.

என் கதை இன்னும் மோசம். வாங்கின முதல் மாதம் முழுக்க அது 60-ல்தான் ஓடியிருக்கிறது! விண்டோஸில் Settings > System > Display > Advanced display போய் நாமே மாற்ற வேண்டும் என்பது தெரியவில்லை. மாற்றிய பிறகும், பகலில் பாதி நேரம் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருக்கிறேன், அது வழக்கமான அமைப்பில் செகண்டுக்கு 30 ஃபிரேமுக்கு மேல் அனுப்பாது. அதற்குள்ளே 144 இருந்து என்ன பயன், சொல்லுங்கள்.

தினமும் உறுத்துவது வேறு: 27 இன்ச்சில் 1080p என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 82 பிக்சல்தான், தமிழ் எழுத்தின் சுழிகள் எல்லாம் பிசிறு பிசிறாகத் தெரிகின்றன. அதே அளவில் 1440p எடுத்திருந்தால் 109 கிடைத்திருக்கும், எக்ஸெலில் கூடுதலாக வரிசைகளும் தெரியும், அதுவும் நாள் முழுக்க. ஒன்று, லேப்டாப் பழசாக இருந்து அதில் HDMI 1.4 போர்ட்தான் இருக்கிறது என்றால் 1440p-யில் 60, மிஞ்சினால் 75 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மனசு கேட்கவில்லை என்றால், உங்கள் போன் 120 ஹெர்ட்ஸ் என்றால் அதை 60-க்கு மாற்றி ரெண்டு நாள் ஓட்டுங்கள். ரெண்டாம் நாள் சாயங்காலமும் எரிச்சலாக இருந்தால், சரி, அப்போது 1440p-யிலேயே 100 ஹெர்ட்ஸ் தேடுங்கள்.