தலைப்பு எங்கே உடைய வேண்டும்?

அன்புள்ள ஐயா,

அச்சிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். "பிணையில் வந்த தொழிலதிபர் மகன் சாட்சியை மிரட்டியதாக மீண்டும் கைது" என்ற தலைப்பு ஒற்றைப் பத்தியில் இப்படி விழுந்தது:

பிணையில் வந்த தொழிலதிபர்
மகன் சாட்சியை மிரட்டியதாக
மீண்டும் கைது

படிக்க இடறுகிறது. வரி எங்கே உடைய வேண்டும் என்பதற்கு விதி உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வரியை மட்டும் படிக்கிறவர் பிணையில் வந்தவர் தொழிலதிபர்தான் என்று முடிவுகட்டிவிடுவார். அடுத்த வரியில் 'மகன்' வந்ததும் திரும்பிப் போய்ப் பொருளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சில் இது இடறல் மட்டுமல்ல, குற்றம் சாட்டப்படாத ஒருவரை ஒரு வரி நேரத்துக்குக் குற்றவாளியாக நிறுத்துவதும் ஆகும்.

விதி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், சொற்களின் பிணைப்பு எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே உடையுங்கள் என்பேன். உருபு மறைந்து நிற்கும் தொகைகளே மிக இறுக்கமானவை. 'தொழிலதிபர் மகன்' அத்தகையது. 'மீது', 'குறித்து' போன்ற சொற்களும் தமக்கு முன்னுள்ள பெயரை விட்டு வரித் தொடக்கத்தில் தனியே நிற்கக் கூடாது. பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றாலும், இடமே இல்லாதபோது தொகையைக் காப்பாற்றுவதற்காக அங்கே உடைக்கலாம். 'பிணையில் வந்த' என்பது ஒரு வரியாகவும் 'தொழிலதிபர் மகன்' அடுத்த வரியாகவும் நின்றிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

வரி இறுதியில் 'பாலத்தைத்' என்பதுபோல் வல்லின ஒற்று நின்றால், அச்சொல் அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒலிக்கிறது என்று பொருள். அங்கே ஒருமுறை நின்று பாருங்கள். இது எச்சரிக்கை மட்டுமே. 'தொழிலதிபர் மகன்' போன்ற தொடரில் ஒற்று வருவதில்லை என்பதால், வரிக்கு வரி நிறுத்தி வாய்விட்டுப் படிப்பதே நம்பகமான சோதனை.

பெரும்பாலும் உடைப்பை நகர்த்துவதைவிடத் தலைப்பைத் திருத்துவதே நல்லது. 'மீண்டும்' என்ற சொல்லே முந்தைய கைதை உணர்த்திவிடுவதால், பிணைச் செய்தியை உள்ளே தள்ளிவிடலாம்:

சாட்சியை மிரட்டிய புகாரில்
தொழிலதிபர் மகன்
மீண்டும் கைது

இப்போது ஒவ்வொரு வரியும் தானே ஒரு பொருளைச் சொல்கிறது. 'சாட்சிக்கு மிரட்டல்' என்று இன்னும் சுருக்கலாம்; ஆனால் 'மிரட்டியதாக' என்பதில் இருந்த எச்சரிக்கை போய், நிரூபிக்கப்படாத ஒன்று உண்மையாகிவிடும். 'புகாரில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

எழுத்துகளை எண்ணி வரியின் அகலத்தைக் கணிக்க முடியாது. 'தொ' ஓர் எழுத்துதான், ஆனால் 'ர'வைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்டிசைனில் Shift+Enter தட்டி வரியை உடைத்தால், பத்தியின் அகலம் மாறும்போது அந்த உடைப்பு தவறான இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பதில் 'தொழிலதிபர்', 'மகன்' இரண்டுக்கும் நடுவே உடையா இடைவெளியை இட்டால், அகலம் எப்படி மாறினாலும் அவை ஒரே வரியில் சேர்ந்தே நகரும்.