தீபாவளி போனஸும் கிரெடிட் கார்டும்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு மாதம் 6,000 ரூபாய், ஓட்டுநருக்கு 18,000 ரூபாய் தருகிறோம். போன தீபாவளிக்கு எங்கள் சம்பளப் பணத்தில் இருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ், துணி, இனிப்பு கொடுத்துவிட்டு, அந்த மாதத்து வீட்டுச் செலவு 28,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் போட்டேன். அதன்பிறகு கார்டில் எதுவும் வாங்கவில்லை. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறேன். ஆனாலும் 25,500 ரூபாய் பாக்கி நிற்கிறது. இடையில் பழைய ஓட்டுநர் நின்று, மார்ச்சில் புதியவர் சேர்ந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த அம்மா ஜூனில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். அதைப் போனஸில் கழித்துவிடலாம் என்கிறார் கணவர். டிஜிட்டல் தங்கமாகக் கொடு என்கிறார் நாத்தனார். எதிர்வீட்டில் வேலையாளுக்குப் பத்தாயிரமும் பட்டுப்புடவையும் கொடுத்தார்களாம். இரண்டு வருடமாகப் பங்கு நிதியில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறோம். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம்தான். எவ்வளவு கொடுப்பது, என்ன செய்வது? — வாசகி, சென்னை

பதில்: எவ்வளவு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, ஆண்டுதோறும் வரும் என்று தெரிந்த செலவை எந்தப் பணத்தில் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்டு நிறுவனம் மாதம் 3.5 சதவீத வட்டி எடுப்பதாக வைத்துக்கொண்டால், 28,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 980 ரூபாய். வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 1,156 ரூபாய். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம், அதாவது 1,400 ரூபாய் என்றால், நீங்கள் கட்டியதில் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது 244 ரூபாய்தான். பத்து மாதங்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேல் கட்டியும் பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டுமே இறங்கியிருப்பதற்கு இதுவே காரணம். மீதி ஏறத்தாழ 11,000 ரூபாய் வட்டியாகவும் வரியாகவும் போய்விட்டது. வேலைக்கு வரும் அம்மாவுக்கு நீங்கள் கொடுத்த போனஸ் 6,000 ரூபாய் என்பதையும் இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கார்டில் பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே இந்த ஆண்டும் மளிகையையும் துணியையும் அதே கார்டில் போட்டால், நிலைமை போன ஆண்டைவிட மோசமாக இருக்கும்.

ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டிக்கொண்டே மறுபுறம் எஸ்.ஐ.பி. போடுவதை எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. எந்தப் பங்கு நிதியும் அந்த வட்டியை ஈடுகட்டும் என்று உங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எஸ்.ஐ.பி.யை நிறுத்துவது பாவம் என்பதுபோல் ஒரு பிரசாரம் நடப்பதால்தான் உங்களைப் போன்றவர்கள் அதைத் தொடத் தயங்குகிறீர்கள். ஓராண்டைக் கடந்த யூனிட்களில் 25,500 ரூபாய் அளவுக்கு விற்று, இந்த வாரமே கார்டு பாக்கியை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். பழைய யூனிட்களே முதலில் விற்கப்படும் என்பதால், சீக்கிரம் விற்றால் பிடிக்கும் வெளியேற்றக் கட்டணம் பெரும்பாலும் வராது. அடைத்த பிறகும் கடைசி சில நாட்களுக்கான வட்டி அடுத்த பில்லில் சிறு தொகையாக வரும். அதைப் பார்த்துக் கட்டாமல் விட்டால் கதை மறுபடியும் தொடங்கும்.

இனி போனஸ். வேலைக்கு வரும் அம்மாவும் ஓட்டுநரும் ஒரு மாதச் சம்பளத்தைத் தீபாவளிக்கு எதிர்பார்க்கிறார்கள் என்றால், அது உங்கள் கருணையை நம்பிய எதிர்பார்ப்பு இல்லை. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் நிறுவனங்களுக்கு வகுத்த குறைந்தபட்ச விகிதம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை என்றாலும், சென்னை வீடுகளில் நிலைத்துவிட்ட வழக்கமும் அதே அளவில்தான் வந்து நிற்கிறது. அதைப் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்று கருதுங்கள். புடவை, வேட்டி சட்டை, இனிப்பு ஆகியவைதான் அன்பளிப்பு. அட்வான்ஸ் என்பது கடன். இந்த மூன்றும் உங்கள் வீட்டில் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் கணவருக்கு ஒரு யோசனையும் நாத்தனாருக்கு ஒரு யோசனையும் தோன்றுகின்றன.

உங்கள் கணவர் சொல்வது தாளில் சரியான கணக்குத்தான். ஆனால் அந்த 6,000 ரூபாயை அந்த அம்மா இப்போதே மனத்துக்குள் செலவழித்திருப்பார். பிள்ளைகளுக்குத் துணி, பழைய பாக்கி, ஊருக்குப் போகும் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் வெறும் இனிப்புப் பெட்டியோடு அனுப்பினால், அவர் அந்தப் பணத்துக்கு ஐந்து வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் 6,000 ரூபாய்க்கு மாதம் 300 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு அறுபது சதவீதம். உங்கள் கடனை வசூலிக்கப் போய் அவரை உங்களைவிட மோசமான கடனில் தள்ளுவீர்கள். அடுத்த அட்வான்ஸுக்கும் அவர் உங்களிடமே வந்து நிற்பார்.

புதிய ஓட்டுநருக்கு முழுச் சம்பளத்தையும் போனஸாகக் கொடுக்க வேண்டியதில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதங்கள் என்பதால், 18,000 ரூபாயில் பன்னிரண்டில் எட்டுப் பங்கு, அதாவது 12,000 ரூபாய் முறையானது. ஆனால் அதை இப்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும். முழு மாதச் சம்பளம் வரும் என்று நினைத்திருப்பவர், உறையைப் பிரித்த பிறகு குறைவாக இருப்பதைக் கண்டால், நீங்கள் கொடுத்த பன்னிரண்டாயிரமும் மனத்தாங்கலாகவே முடியும்.

ஆக இந்த ஆண்டு போனஸ் 18,000 ரூபாய். துணிக்கும் இனிப்புக்கும் இருவருக்குமாக 4,000 ரூபாய் தாராளம். மொத்தம் 22,000 ரூபாய். எஸ்.ஐ.பி.யை மூன்று மாதங்கள் நிறுத்தி வைத்தால் 15,000 ரூபாய் மிஞ்சும். கார்டுக்குக் கட்டிவந்ததில் ஏறத்தாழ 4,000 ரூபாய் மிச்சமாகும். குறையும் 3,000 ரூபாயை உங்கள் வீட்டுப் பட்டாசிலும் துணியிலும் குறைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குச் செலவைச் சுருக்க வேண்டி வந்தால் முதலில் வேலையாளின் போனஸில் கை வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அங்கே தொடங்குவது சரியில்லை.

டிஜிட்டல் தங்கம் வேண்டாம். 6,000 ரூபாய்க்கு வாங்கினால், 3 சதவீத ஜி.எஸ்.டி.யாக 175 ரூபாய் அந்த நொடியே போய்விடும். விற்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இன்னும் கொஞ்சம் போகும். இத்தகைய தளங்கள் தன் ஒழுங்குமுறையின்கீழ் வரவில்லை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தும் இருக்கிறது. அதைவிட, பண்டிகைக்குப் பணம் தேவைப்படும் ஒருவரிடம் அதைச் செல்பேசிச் செயலி ஒன்றில் பூட்டிக் கொடுப்பது, அவர் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதாகும். கடைகளின் பரிசு அட்டைக்கும் இது பொருந்தும்.

போனஸ் பணமாகவே இருக்கட்டும். கணக்கில் போடுவதா, கையில் தருவதா என்று அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழுக் கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும் வங்கிக் கணக்காக இருந்தால், நீங்கள் போட்ட போனஸ் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே தவணைக்குப் போய்விடக்கூடும். வீட்டில் பணம் யார் கையில் போகிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, விருந்தினர் யாரும் இல்லாத நேரத்தில், உறையில் வைத்துக் கொடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால், மிச்சம் கிடக்கும் துணியை அதிக விலைக்கு வாங்கத்தான் அந்தப் பணம் உதவும். பழைய புடவையைப் புதியதோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், அதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுப் பத்தாயிரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். அங்கே மாதச் சம்பளமே பத்தாயிரமாக இருக்கலாம். அப்படியானால் அவர்களும் ஒரு மாதச் சம்பளத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக நீங்கள் கூடுதலாக 4,000 ரூபாய் கொடுக்க நினைத்தால், அதையே ஜனவரியிலிருந்து மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வாகக் கொடுக்கலாம். பன்னிரண்டு மாதங்களுக்கு 3,600 ரூபாய், போனஸில் கூடும் 300 ரூபாய், ஆக 3,900 ரூபாய். உங்களுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கோ அது மாதாமாதம் வரும் பணம். அடுத்த ஆண்டும் நிற்காது.

அடுத்த தீபாவளிக்கு 6,300 ரூபாயும் 18,000 ரூபாயும் துணிமணிக்கு 4,000 ரூபாயும் சேர்ந்து 28,300 ரூபாய் வேண்டும். தீபாவளி அக்டோபர் நடுவிலும் வரும், நவம்பர் நடுவிலும் வரும் என்பதால், ஓராண்டுத் தொடர் வைப்பு சில ஆண்டுகளில் பண்டிகை முடிந்த பிறகு முதிர்வடையும். அதில் கிடைக்கும் சில நூறு ரூபாய் கூடுதல் வட்டிக்காக அந்தச் சிக்கல் தேவையில்லை. யு.பி.ஐ.யுடன் இணைக்காத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றுக்கு, சம்பளம் வந்த மறுநாளே 2,600 ரூபாய் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். பதினொரு மாதங்களில் 28,600 ரூபாய் சேர்ந்துவிடும். எஸ்.ஐ.பி.யை டிசம்பரில் மறுபடி தொடங்கலாம். இரண்டுக்கும் பணம் போதவில்லையென்றால் எஸ்.ஐ.பி.யை 2,500 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த 2,600 ரூபாயில் கை வைக்காதீர்கள்.

அட்வான்ஸை அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். அவர் சம்பளத்தில் மாதம் ஆயிரத்துக்கு மேல் பிடித்தால் தாங்க மாட்டார். செப்டம்பரில் தொடங்கி, தீபாவளி வரும் நவம்பரையும் கல்லூரிக் கட்டணம் வரும் ஜூனையும் விட்டுவிட்டால், அடுத்த ஆகஸ்டில் பத்து தவணைகளும் முடிந்துவிடும். ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதி, ஒவ்வொரு முறையும் அவருக்கும் காட்டுங்கள். அது முடிவதற்குள் அவர் மறுபடியும் அட்வான்ஸ் கேட்டால், புதிய தொகையைப் பழைய பாக்கியோடு சேர்த்து எழுதி, தவணை ஆயிரத்தைக் கூட்டாமல் மாதங்களை மட்டும் நீட்டுங்கள்.