ரம்மி ஆப்பில் ₹31,500 இருக்கிறது, எடுக்க ₹9,450 கட்டச் சொல்கிறார்கள்: கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 34, தனியார் கம்பெனியில் வேலை, சம்பளம் 38,000. ஜூன் மாதம் டெலிகிராமில் வந்த லிங்க் மூலம் ஒரு ரம்மி ஆப் போட்டேன். முதலில் 500 ரூபாய் போட்டு, ஜெயித்து, 4,000 எடுத்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தம் 1,42,000 போட்டுவிட்டேன். அதில் 60,000 லோன் ஆப் கடன். பெரிய டேபிளுக்குப் போனதிலிருந்து தோல்விதான். எதிரில் ஆடுவது ஆளா, இல்லை 'பாட்' என்கிற தானாக ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் ஆப்பில், சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறது என்று ஆர்.என்.ஜி. சான்றிதழ் போட்டிருக்கிறார்கள். இப்போது கணக்கில் 31,500 காட்டுகிறது. எடுக்கப் போனால் 30 சதவீத வரி 9,450 ரூபாயை முதலில் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டினால் பணம் வருமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த 9,450 ரூபாய் வரி இல்லை. உங்கள் கேள்வியிலேயே இருக்கும் எண்களை வைத்து அதைக் காட்ட முடியும் என்பதால், முதலில் அதைச் சொல்கிறேன், பாட் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்.

ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத டி.டி.எஸ். உண்டு என்பது உண்மைதான். 2023 ஏப்ரல் முதல் இருக்கும் விதி அது. அதில் இருக்கும் பாதி உண்மையைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். டி.டி.எஸ். என்றால் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. உங்களிடம் தனியாக வாங்கிக் கட்டுவது இல்லை. 31,500 ரூபாய் நிஜமாகவே அவர்களிடம் இருந்தால், அதிலேயே 9,450 பிடித்துக்கொண்டு 22,050 அனுப்பியிருக்கலாமே?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வரி கணக்கில் தெரியும் தொகை மேல் வருவதில்லை, நிகர வெற்றி மேல்தான் வருகிறது. அந்த நிதியாண்டில் நீங்கள் எடுத்த பணத்திலிருந்து, போட்ட பணத்தையும் ஆண்டு தொடக்கத்தில் கணக்கில் இருந்த தொகையையும் கழிக்க வேண்டும். நீங்கள் ஜூனில்தான் தொடங்கியிருப்பதால் தொடக்க இருப்பு பூஜ்யம். ஏற்கெனவே எடுத்தது 4,000, இப்போது எடுக்க நினைப்பது 31,500, ஆக 35,500. போட்டதோ 1,42,000. அதாவது 1,06,500 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். நஷ்டத்துக்கு டி.டி.எஸ். கிடையாது, பிடிக்க வேண்டியது ஒரு ரூபாய்கூட இல்லை. இதைத் தெரியாமல் கேட்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. 9,450 கட்டினால் அடுத்து 'கணக்கு சரிபார்ப்புக் கட்டணம்' என்று வேறொரு பெயரில் வந்து நிற்பார்கள். திரையில் தெரியும் 31,500 வெறும் எண். அதைக் காட்டித்தான் இன்னும் பணம் கேட்கிறார்கள்.

சரி, எதிரில் இருந்தது ஆளா, பாட்டா?

முதலில் சான்றிதழைப் பார்ப்போம். நிறையப் பேர் இதை நம்பித்தான் பணம் போடுகிறார்கள். ஆர்.என்.ஜி. சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சோதித்த அன்று, சோதித்த அந்த மென்பொருள் சீட்டைக் கலைத்த விதம் ஒழுங்கில்லாமல், முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அது சொல்வதில்லை. எதிராளிக்கு உங்கள் கையில் இருக்கும் 13 சீட்டும் தெரியுமா என்றும் சொல்வதில்லை. கலைப்பது முழுக்க நேர்மையாக இருக்கும்போதே ஏமாற்ற முடியும். ஏனென்றால் உங்கள் கை, எதிராளியின் கை, மூடியிருக்கும் சீட்டுக்கட்டில் அடுத்து வரப்போகும் சீட்டு என எல்லாமே அவர்களுடைய சர்வரில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒரு பாட்டை எதிரில் உட்கார வைத்தால் போதும், கலைப்பதில் கைவைக்கவே தேவையில்லை. அந்தச் சான்றிதழே வேறொரு கம்பெனியின் படமாகவும் இருக்கலாம். அதைக் கொடுத்த ஆய்வகத்தின் தளத்துக்குப் போய் இந்த ஆப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

கமிஷனே நல்ல வருமானம் தரும்போது எதற்காகப் பாட் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு நிஜ ஆட்கள் சமமாக ஆடுகிறார்கள், ஆட்டத்துக்கு 100 ரூபாய், ஜெயித்த தொகையில் கம்பெனி பத்து சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் 50 ஜெயித்தால் 4,500 வரும், 50 தோற்றால் 5,000 போகும். யாரும் ஏமாற்றாமலேயே 500 ரூபாய் நஷ்டம். கம்பெனிக்குக் கிடைப்பது ஆட்டத்துக்குப் பத்து ரூபாய். எதிரில் கம்பெனியின் பாட் உட்கார்ந்தால், நீங்கள் தோற்கும் 100 ரூபாயும் கம்பெனிக்கே போகிறது. காரணம் இவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், பொதுவாகச் சொல்லப்படும் அறிகுறிகளில் பாதி பலவீனமானவை. எதிராளி எப்போதும் ஒரே நேர இடைவெளியில் சீட்டுப் போடுகிறான் என்பார்கள். அந்த இடைவெளியை மாற்றி மாற்றி வைப்பது மிகச் சுலபம். எனக்கு ஜோக்கரே வருவதில்லை என்பார்கள். இரண்டு கட்டும் அச்சடித்த ஜோக்கர் இரண்டும் சேர்த்து ஆடும்போது, அந்த ஆட்டத்துக்கென்று திருப்பி வைக்கும் ஜோக்கரையும் கணக்கில் சேர்த்தாலும், ஜோக்கரே இல்லாத கை நூற்றில் சுமார் 29 முறை இயல்பாகவே வரும். அடுத்தடுத்து மூன்று கைகள் அப்படி அமைவதும் நிறைய ஆடுபவருக்கு நடக்கத்தான் செய்யும். தொடர் தோல்வியும் சாட்சி இல்லை, எதிராளி உங்களைவிட நன்றாக ஆடுபவராக இருக்கலாம்.

நான் முக்கியமாகப் பார்ப்பது டிராப். ஒருவர் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஆட்டத்தை விட்டால் முதல் டிராப், 20 பாயிண்ட் நஷ்டம். ஆடிவிட்டு நடுவில் விட்டால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை போகலாம். முதல் டிராப் செய்யும் ஒரு மனிதருக்குத் தன் கை மட்டும்தான் தெரியும். உங்களுக்கு வந்த கை நல்லதா மோசமானதா என்று தெரிய வழியே இல்லை. ஆகவே உங்கள் கை எப்படி இருந்தாலும் அவர் டிராப் செய்யும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். ஜோக்கரெல்லாம் உங்களிடம் இருந்தால் அவரிடம் குறையும் என்பதால் சிறு வித்தியாசம் வரும், அவ்வளவுதான்.

இதை எண்ணிப் பார்க்கலாம். ஒரிஜினல் சீக்வென்ஸ், அதாவது ஜோக்கர் இல்லாமல் ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சீட்டு, சேர்ந்தே வந்த கைகளை ஒரு பக்கமும், உதிரிச் சீட்டாக வந்த கைகளை இன்னொரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 30 நல்ல கைகளில் எதிராளி 7 முறை டிராப், 30 மோசமான கைகளில் 6 முறை டிராப் என்றால் அது இயல்பு. நல்ல கைகளில் 18 முறையும் மோசமான கைகளில் 2 முறையும் என்றால், எதிரில் இருப்பவருக்கு உங்கள் சீட்டு தெரிகிறது. இதைத் திறமை என்று விளக்க முடியாது. நீங்கள் ஜெயிக்கும்போதெல்லாம் 20 பாயிண்ட், தோற்கும்போதெல்லாம் முழு 80 என்று உங்கள் கணக்கு அமைந்திருந்தால் அதன் காரணம் இங்கே இருக்கலாம்.

இரண்டாவது, ஆட்டம் முடிந்து சீட்டைக் காட்டும்போது எதிராளியின் கையைப் பாருங்கள். மனிதர் தன் கைக்கு உதவாத சீட்டை, அதுவும் பெரிய சீட்டை, சீக்கிரம் தள்ளிவிடுவார். உங்கள் கையைப் பார்க்கும் பாட் அப்படிச் செய்யாது. நீங்கள் ஹார்ட்டின் 9, ஜாக் வைத்துக்கொண்டு 10-க்குக் காத்திருக்கும்போது, அது தனக்கு எதற்கும் சேராத ஹார்ட்டின் 10-ஐக் கடைசிவரை வைத்திருக்கும். ஓரிரு முறை நடந்தால் தற்செயல். திரும்பத் திரும்ப நடந்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆட்டம் முடிந்தபின் எதிராளியின் சீட்டை ஆப் காட்டுவதே இல்லை என்றால் அதுவும் ஒரு அறிகுறிதான்.

இதையெல்லாம் சோதிக்க இன்னொரு ரூபாய் போட்டு ஆடிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆப்பில் ஆட்ட வரலாறு இருந்தால் அதிலிருந்து எண்ணுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏனென்றால் உங்கள் விஷயத்தில் சீட்டைவிடப் பணம் போன வழியே தெளிவாகப் பேசுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்கிறது. அப்போதே பெரிய ரம்மி நிறுவனங்கள் பண மேஜைகளை மூடிவிட்டன. அதன் பிறகும் டெலிகிராம் லிங்க் வழியாக வரும் ஆப், சட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு நடத்தப்படுவது. யு.பி.ஐ. வரலாற்றைத் திறந்து, நீங்கள் பணம் போட்டபோது யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தனிநபர், ஏதோ ஒரு கடை என்று பெயர் மாறியிருந்தால் அவை வாடகைக் கணக்குகள். உங்களுக்கு வந்த 4,000 ரூபாயும் அப்படியொரு கணக்கிலிருந்து வந்திருந்தால், அது வேறு யாரோ ஏமாந்த பணமாக இருக்கலாம். அந்தப் பணத்தைத் தேடி வரும் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கையே முடக்கிவிடும் ஆபத்து உண்டு.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: ஆப்பை அழிப்பதற்கு முன் கணக்கு இருப்பு, வரி கேட்ட உரையாடல், ஆட்ட வரலாறு, ஒவ்வொரு யு.பி.ஐ. பரிவர்த்தனையின் எண் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 1930 எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான். ஆடியவருக்குத் தண்டனை இல்லை, பயப்படாமல் போங்கள். ஜூனில் அனுப்பிய பணம் திரும்பி வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், அது பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். கடைசி ஓரிரு நாளில் ஏதாவது அனுப்பியிருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. புகார் கொடுத்தபின் 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது அழைத்து முன்பணம் கேட்டால், அது அடுத்த மோசடி.

கடனைப் பொறுத்தவரை, 1,42,000 ரூபாயை மறந்துவிட்டு 60,000 ரூபாயை மட்டும் பாருங்கள். லோன் ஒப்பந்தத்தில் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரும் ஆண்டு வட்டியும் இருக்கும். அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்று பாருங்கள். வீட்டில் நகை இருந்து, வங்கி நகைக்கடன் வட்டி இதைவிடக் குறைவாக இருந்தால், மாற்றி அடைப்பது லாபம். ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் நகையைத் தொட வேண்டும். வங்கி ஆப்பில் யு.பி.ஐ. தினசரி வரம்பை வீட்டுச் செலவு அளவுக்கு இன்றே குறைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று கை போய்க்கொண்டே இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.