வெளிநாட்டு விருந்தினருக்கு எழுதும்போது ‘ங்க’வை என்ன செய்வது?

*“பொள்ளாச்சி பக்கம் தோப்பில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நாம் பேசுகிற மரியாதையை வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் எப்படி எழுதுவது? சார், மேடம் போடாவிட்டால் தப்பா?”*

தப்பில்லை. வரிக்கு வரி போட்டால்தான் விண்ணப்பம் மாதிரி ஆகிவிடும். பேரோடு ஒருமுறை விளித்தால் போதும், மீதி மரியாதையைக் கேட்கிற விதத்தில் காட்டுங்கள்.

அன்னா வெபர் என்றொரு ஜெர்மன்காரம்மா ரூம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரில் என்றால், “வணக்கமுங்க, எத்தன மணிக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க, ராத்திரிச் சாப்பாடு செஞ்சு வெக்கறமுங்க” என்போம். இதையே ‘ரெஸ்பெக்டட் மேடம், கைண்ட்லி இன்ஃபார்ம் யுவர் அரைவல் டைம்’ என்று எழுதினால், தாலுகா ஆபீஸ் கடிதம் வந்தது போல இருக்கும்.

நம் ‘சொல்லுங்க’ கட்டளைதான், ஆனால் அந்த ‘ங்க’ அதை மெத்தென்று ஆக்கிவிடுகிறது. இங்கிலீஷில் ‘டெல் அஸ்’ என்பதற்கு முன்னால் ப்ளீஸ் போட்டாலும் கட்டளை வாடை முழுக்கப் போகாது. அதனால் கேள்வியாக்க வேண்டும்: ‘குட் யூ லெட் அஸ் நோ வென் யூ எக்ஸ்பெக்ட் டு அரைவ்?’ சாப்பாட்டுக்கு, ‘வி வுட் பி ஹேப்பி டு ஹேவ் டின்னர் ரெடி ஃபார் யூ.’ வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி விட்டிருக்கிறோம் பாருங்கள், அதுதான் அங்கே மரியாதை.

விளிக்க ‘டியர் மிஸ் வெபர்’ போதும். எழுதும்போது இந்த மிஸ், எம், எஸ் என்ற இரண்டெழுத்துதான். கல்யாணம் ஆனவரா என்று யூகித்து மிஸஸ் போட வேண்டாம். ‘மிஸ் அன்னா’ என்பதும் இயல்பில்லை, அங்கே பட்டத்தோடு சர்நேம்தான் வரும். பதிலில் அவர் ‘அன்னா’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டால், அடுத்த மெயிலிலிருந்து நீங்களும் ‘டியர் அன்னா’ என்றே எழுதலாம். நமக்குக் கை கூசும்தான், ஆனால் அவரே கொடுத்த அனுமதி அது.

அதற்காக ‘டியர்’ஐத் தனியாக விட்டுவிடாதீர்கள். நம் ஆயாக்கள் எல்லோரையும் “வா கண்ணு, வா அம்மிணி” என்பார்கள். அதை ‘ஹலோ டியர்’ என்று மெசேஜில் போட்டால், முகம் தெரியாத ஆள் ரொம்ப நெருங்கி வருவது போலத் தோன்றும்.

அப்புறம் “சாப்பிட்டீங்களா?” இதை அப்படியே கேட்டால் ‘எஸ்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், உபசாரம் என்றே தெரியாது. ‘வுட் யூ லைக் சம்திங் டு ஈட்?’ என்று கேளுங்கள், உடனே புரியும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஈரோட்டிலிருந்து ஒருவர் இங்கிலீஷில் மெயில் போட்டிருந்தால் சார் இருக்கட்டும். அவர் பேருக்கு முன்னால் நிற்பது அப்பா பேரின் இனிஷியல். அதைச் சர்நேம் என்று எடுத்துக்கொண்டு விளிக்க முடியாது.