மாற்றி வைத்த முகம் ஏன் ஒட்டவே மாட்டேங்குது? கேள்வி பதில்

பத்துமலையில எடுத்த குடும்பப் படத்துல சித்தப்பா கண்ணை மூடிட்டார். கல்யாணப் படத்துலேருந்து அவர் முகத்தை எடுத்து ஃபோட்டோஷாப்புல வச்சேன். ஓரமெல்லாம் சுத்தம்தான், ஆனா வெட்டி ஒட்டின மாதிரியே இருக்கு.

ஓரத்தை விடுங்க, மூக்கைப் பாருங்க. நீங்க அனுப்பின படத்துல வெயில் இடப்பக்கம் மேலேருந்து வருது. எல்லாருக்கும் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுது, கண்மணியில இருக்கிற வெள்ளைப் புள்ளி இடப்பக்கம் மேலே மின்னுது. சித்தப்பாவுக்கு மட்டும் ரெண்டும் தலைகீழ், ஏன்னா மண்டபத்துல ஜன்னல் வலப்பக்கம் இருந்திருக்கு. அதோட கழுத்து பத்துமலைப் படத்தோடது. தாடை நிழல் அங்கே ஒரு பக்கம் சாயுது, முகத்து நிழல் இன்னொரு பக்கம் சாயுது.

கலர்தானே காரணம்? Match Color போட்டா போதுமே, நான் அப்படித்தான் செய்வேன்.

பாதி சரி. மண்டப விளக்கோட மஞ்சளை அது குறைக்கும். ஆனா முகம் முழுசையும் சேர்த்துத்தான் மாத்தும், எந்தக் கன்னம் வெளிச்சம், எந்தக் கன்னம் இருட்டுங்கிறது அப்படியே இருக்கும். மேலே ஒரு Black & White லேயர் வச்சுப் பாருங்க. கறுப்பு வெள்ளையிலயும் முகம் தனியா நின்னா, கோளாறு கலர்ல மட்டும் இல்ல.

அப்போ Flip Horizontal பண்ணிட்டா?

மச்சம், வகிடு, மூக்குத்தி இல்லாத முகம்னா முதல்ல அதைத்தான் செய்வேன். ஆனா தலை திரும்பியிருக்கிற பக்கமும் மாறிடும். சித்தப்பாவுக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு, சித்தி உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

அதனால வெளிச்சத்தைக் கையால மாத்தணும். முக லேயருக்கு மேலே புது லேயர் திறந்து, Mode-ல Soft Light, கூடவே 50% gray நிரப்புங்க. அதை முகத்துக்கு மட்டும் கிளிப் பண்ணிடுங்க. மென்மையான பிரஷ், Flow 5% போதும். இடக் கன்னத்திலயும் நெத்தியிலயும் வெள்ளை, வலக் கன்னத்திலயும் தாடையோரத்திலயும் கறுப்பு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பழைய மூக்கு நிழலை Clone Stamp-ஆல மூடிட்டு, புதுசை மறுபக்கம் வரைங்க. பக்கத்துல நிக்கிறவரோட மூக்கு நிழல் எவ்வளவு நீளமோ அதே நீளம் இருக்கட்டும். கடைசியா கண் புள்ளி: பழசை அழிச்சு இடப்பக்கம் வைங்க. இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க. முடிச்சதும் படத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்குங்க. அப்பவும் அவர் முகம் முதல்ல கண்ணுல பட்டா, நிழல் இன்னும் பத்தல.

அண்ணே, என் மகளோட பள்ளிக்கூடப் படத்துல பாதி முகம் இருட்டா இருக்கு, வேற முகம் வைக்கலாமா?

வேண்டாம்மா. ஜன்னலைப் பார்த்து நிக்க வச்சு மறுபடி எடுங்க.

பினாங்குல பத்து ஃபெரிங்கி கடற்கரையில, உச்சி வெயில்ல எடுத்த முகத்தை வீட்டுக்குள்ள எடுத்த படத்துல வைக்க முடியுமா?

கஷ்டம். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், நடுப்பகல்ல வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிக்கும். கண்குழி ரெண்டும் கறுத்து, நிழல் ஓரம் கத்தி மாதிரி விழும். மென்மையான வெளிச்சத்துல எடுத்த முகத்துல நிழல் வரையலாம், ஆனா கறுத்துப்போன இடத்துல தோலோட விவரமே மிஞ்சியிருக்காது. RAW கோப்பு இருந்தா கொஞ்சம் மீட்கலாம்னு என் நண்பர் ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. கோப்பு இருந்தா அனுப்புங்க, பார்ப்போம்.