பீரோ கதவு இறங்கிவிட்டதா?

கே: ஆறரை அடி பீரோ. வலப்பக்கக் கதவு மற்றதைவிட 5 மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது. தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது. கீலை மாற்றிவிடலாமா? (திண்டுக்கல்)

ப: அவசரப்படாதீர்கள். கீல் இருக்கும் ஓரத்தில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் கீல் மேல் தப்பில்லை, பீரோவின் கூடுதான் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இந்த அளவு பீரோவில் ஒரு கதவின் அகலம் சுமார் 18 அங்குலம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே ஏறக்குறைய 60 அங்குலம். கதவு ஒல்லியாகவும் உயரமாகவும் இருப்பதால், மேல் கீல் 1 மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் கைப்பிடி ஓரம் 0.3 மில்லிமீட்டர்தான் இறங்கும். உங்கள் கதவு 5 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் மேல் கீல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பிதுங்கியிருக்க வேண்டும். அது தூரத்திலிருந்தே தெரியும்.

வெள்ளையடிக்க நகர்த்தினீர்களா, வீடு மாறினீர்களா? தரை அரைக்கால் அங்குலம் பள்ளமாக இருந்தாலே போதும், முன்பக்கம் திறந்த பெட்டி என்பதால் கூடு கோணிவிடும். இறங்கிய கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து முன்காலின் கீழ் 2 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு, மரக்கட்டை மேல் கடப்பாரையை வைத்து ஒருவர் நெம்ப, இன்னொருவர் துண்டைத் தள்ளலாம். கதவுகள் மூடியே இருக்கட்டும். இரண்டும் திறந்திருந்தால் பீரோ முன்னால் சாயும். பத்தாவிட்டால் இன்னொரு துண்டு. அட்டை மட்டும் வேண்டாம், தரை துடைக்கும் தண்ணீரில் ஊறி ஒரே மாதத்தில் அமுங்கிவிடும்.

கே: கதவு மொத்தமாகக் கீழிறங்கி, கீழ்ச்சட்டத்தில் உரசி பெயிண்ட் போய்விட்டது. ரிவிட்டைச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. (தஞ்சாவூர்)

ப: கீல் பக்கத்து மூலையும் சேர்ந்து இறங்கியிருந்தால் இது ரிவிட் வேலைதான். கதவைத் திறந்து, கைப்பிடி ஓரத்தைக் கீழிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டே கீலைக் கவனியுங்கள். கீல் தகடு கதவின் மேல் நகர்ந்தால் ரிவிட் தளர்ந்திருக்கிறது. ரிவிட் தலையைச் சுற்றி கறுப்பாகவோ துருநிறத்திலோ பொடி படிந்திருப்பதும் அதே அடையாளம். தகடு அசையாமல் கீலின் குழல் மட்டும் ஆடினால் தேய்ந்தது ஊசி. அப்போது கீலையே மாற்ற வேண்டியதுதான்.

அடித்து இறுக்கியது நிற்காததற்குக் காரணம், துளை முட்டை வடிவமாகிவிட்டது. பாப் ரிவிட் உள்ளே குழாய்போல இருப்பது. அடித்தால் தலைதான் நசுங்கும், துளை நிறையாது.

கதவின் கீழே கட்டை கொடுத்து, பழைய உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். இதை விட்டால் மீதி வேலை எல்லாம் வீண். ரிவிட் தலையின் நடுவில் பஞ்ச் வைத்துத் தட்டி, 5 மில்லிமீட்டர் டிரில்லால் தலையை மட்டும் அறுத்து, மிச்சத்தைத் தட்டி வெளியே தள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். பின்பக்கம் கை எட்டினால் 2 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையைப் பின்னால் வைத்து, அகலமான வாசர் போட்டு 6 மில்லிமீட்டர் போல்ட் முடுக்குவதுதான் என் வழக்கம். துளை எவ்வளவு கிழிந்திருந்தாலும் பட்டை தாங்கிக்கொள்ளும். கை எட்டாத இடத்தில் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, 6.4 மில்லிமீட்டர் ஸ்டீல் பாப் ரிவிட் போடுங்கள். அலுமினியம் ரிவிட் வாங்காதீர்கள், கண்ணாடி பதித்த கதவின் கனத்துக்கு அது நிற்காது.

கே: பிள்ளைகள் கதவில் தொங்கி மேல் கீல் வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா? (விருதுநகர்)

ப: லேசான வளைவு என்றால், கதவுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஸ்குரூ ஸ்பேனரால் குழலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். மடிப்பில் பெயிண்ட் விரிந்து கோடு தெரிந்தால் நிமிர்த்தாதீர்கள், அந்த இடத்தில் முறியும். அதே அளவுக் கீல் பீரோ செய்யும் பட்டறைகளில் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். கீலுக்கு நடுவே கட்டையைச் செருகிக் கதவை அழுத்தி மூடும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். மரக்கதவுக்கு அது சரி. பீரோவில் கீல் நிமிர்வதற்கு முன் தகடு கிழியும்.

கே: வெல்டிங் வைத்துவிட்டால் ஒரே வேலையாகப் போகுமே? (கரூர்)

ப: பீரோ தகடு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரண வெல்டிங் ராடு பட்டால் ஓட்டைதான் விழும், சுற்றிலும் பெயிண்ட் கருகும், கண்ணாடி இருந்தால் விரிசல் விடும். முதலிலேயே வெல்டிங் வைத்த கீல் என்றால் மெல்லிய தகட்டுக்கான மிக் வெல்டிங் இருக்கும் பட்டறையில் கொடுங்கள். துணிமணி, பத்திரம் எல்லாவற்றையும் எடுத்த பிறகு.